கையால் வெட்டியதெல்லாம் பழசு இல்லை!



பழைய மரப்பெட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மூலையைத்தான். பலகையும் பலகையும் புறாவின் வால் போலக் கோத்திருக்கும் இடம். முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் நாமெல்லாம் வெட்டிய அதே டவ்டெயில். "கையால வெட்டியிருக்கு, அப்போ நூறு வருஷத்துக்கு மேல" என்று ஒரே வரியில் வயதைச் சொல்லிவிடுகிறார்கள். மேல்மலையனூரில் தச்சு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, முதல் ஆளாக டிப்ளமோ படிக்க வந்திருக்கும் எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

முதலில் கைவேலையையும் மெஷின் வேலையையும் பிரித்துப் பார்ப்போம். கையால் வெட்டுகிறவர் ஆழம் குறிக்கப் பலகையின் குறுக்கே ஒரு கோடு கீறுவார். அந்தக் கீறல் வாலின் அடியில் அப்படியே நிற்கும். ரம்பம் சில இடங்களில் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் ஓடியிருக்கும். வால்களின் அகலம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், சரிவும் மாறும். வாலுக்கு இடையில் நுழையும் முளை சில சமயம் ரம்பம் நுழையும் அளவுக்கு மெலிந்திருக்கும்.

மெஷினால் அவ்வளவு மெலிதாக வெட்ட முடியாது. ரூட்டரில் சுழலும் பிட்டின் கழுத்து அந்த இடைவெளியில் புகுந்தாக வேண்டும். அதனால் முளை அந்தக் கழுத்தைவிட ஒல்லியாகாது. டிராயரின் முன்பக்கம் போல மறைவாகக் கோக்கும் இணைப்பில் முளையும் வாலும் ஏறக்குறைய ஒரே அகலம், ஒரே இடைவெளி. டிராயரை உருவி உள்ளே பாருங்கள். பிட் உருண்டு சுழல்வதால் குழியின் முடிவு வளைந்திருக்கும். உளி செதுக்கிய குழியில் மூலை மூலையாகவே இருக்கும்.

அமெரிக்காவில் 1867-ல் நாப் என்பவர் இதற்கென்றே ஒரு மெஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினார். அது வெட்டியது வால் கூட அல்ல, அரைவட்டமும் நடுவில் ஒரு குச்சியும். 1900-ஐ ஒட்டி அங்கே தொழிற்சாலைகளில் மெஷின் டவ்டெயில் பரவிவிட்டது. ஆகவே அந்த ஊர்த் தொழிற்சாலைப் பெட்டியில் கைவெட்டு இருந்தால் அது பெரும்பாலும் பழசு. நம்மூரில் இதைச் சொல்லிக் கேட்கிறவர்கள் மறந்துவிடுவது அந்தத் தொழிற்சாலையைத்தான். செஞ்சிப் பக்கத்துத் தச்சுப் பட்டறைக்கு அந்த மெஷின் வரவே இல்லை. என் அப்பா போன மாதம் செய்த பெட்டியிலும் கீறல் கோடு இருக்கிறது, ரம்பம் தாண்டிய நூலும் இருக்கிறது. கேட்டதற்கு, "உளிக்கு ஏதுடா வருஷம்? எங்கப்பா குடுத்த உளி, நேத்தும் அதுலதான் வெட்டுனேன்" என்றார்.

சென்ற வருடம் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமாவுக்கு ஒரு தேக்குப் பெட்டியை 150 வருடப் பெட்டி என்று ஒரு புரோக்கர் விலை பேசினார். காரைக்குடிக்குக் கொண்டுபோனால் இரட்டிப்பு லாபமாம். மாமா கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுக்க இருந்தார். அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். நான்கு மூலையும் சுத்தமான கைவெட்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா மூலையோடு நிற்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்தார். மெருகேறாத அடிப்பலகையில் பிறை போல வளைந்த வரிகள். வட்ட ரம்பம் அறுத்த மில் பலகை! கைரம்பம் இழுத்தால் வரி நேராக அல்லவா இருக்கும்? அடுத்து கீல். அதில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. அது பிலிப்ஸ் பெயரில் 1930-களில் வந்தது. கீலைப் பிறகு மாற்றியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, கீலைத் தள்ளிப் பார்த்தோம். வேறு பழைய ஓட்டை இல்லை, வேறு கீல் பதிந்த தடமும் இல்லை. அப்படியானால் பெட்டியோடு பிறந்த கீல்தான் அது. 150 வருடம் அங்கேயே அடிபட்டுப்போனது.

இதிலிருந்து நான் சொல்வது ஒன்றே. மெஷின் வெட்டு இருந்தால், அந்த மெஷின் வந்த பிறகு செய்தது என்று அடித்துச் சொல்லலாம். கைவெட்டு இருந்தால், கையால் செய்தது என்பதற்கு மேல் மூலை ஒன்றும் சொல்லாது. வயதை அடிப்பலகையிடமும் ஆணியிடமும் கீலிடமும்தான் கேட்க வேண்டும். பழுது பார்த்த பெட்டி என்றால் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருக்கலாம்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. கைவேலை என்றாலே செத்துப்போன காலத்து வேலை என்று நினைப்பதால்தான், உயிரோடு இருக்கும் ஆசாரி வெட்டிய பெட்டிக்குப் பலகை விலையும், அதே பெட்டியைப் பழசு என்று சொன்னால் தங்க விலையும் கிடைக்கிறது. அந்த வித்தியாசப் பணம் என் அப்பாவின் கைக்கு வருவதில்லை.