புள்ளிக் கணக்கில் கரையும் பஞ்சப்படி

பல ஆலைகளில் தொழிலாளர்களின் மாறும் பஞ்சப்படி, நுகர்வோர் விலைக் குறியீட்டெண் உயரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என ஒப்பந்தத்தில் வரையறுக்கப்படுகிறது. தொழிலாளர்களுக்கான குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2020-இல் 2001-இலிருந்து 2016-க்கு மாற்றப்பட்டது. புதிய வரிசையின் ஒரு புள்ளி, பழைய வரிசையின் 2.88 புள்ளிகளுக்குச் சமம்.

பழைய வரிசைப்படி புள்ளிக்கு 5 ரூபாய் என்ற ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்வோம். புதிய குறியீட்டெண் 3 புள்ளிகள் உயர்ந்தால், பழைய கணக்கில் அது 8.64 புள்ளிகள், மாதந்தோறும் கூடுதலாகச் சேர வேண்டியது 43 ரூபாய் 20 காசு. இணைப்புக் காரணியான 2.88-ஆல் பெருக்கத் தவறினால் கிடைப்பது 15 ரூபாய் மட்டுமே. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் இந்த இழப்பு பெருகும்.

ஊதியச் சீட்டில் தொகை மட்டுமே இருந்தால் இப்பிழை புலப்படாது. குறியீட்டு வரிசை, இணைப்புக் காரணி, புள்ளிக்கான தொகை ஆகிய மூன்றையும் அதில் குறிப்பிடுவதே நியாயம்.