படகுக்குப் பொருந்தும் கோடு பிள்ளைக்குப் பொருந்தாது

எங்கள் புன்னைக்காயல் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் ‘பம்ப் சார்ட்’ தொங்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று தேர்வுகள் இடமிருந்து வலமாக நிற்கும். முதல் ரேங்க் மேலே, கடைசி ரேங்க் கீழே. பிள்ளைக்கு ஒரு நிறத்தில் ஒரு கோடு. கோடு ஏறினால் பிள்ளை முன்னேறுகிறது, இறங்கினால் பின்தங்குகிறது, படிக்காத தாய்க்கும் இது ஒரே பார்வையில் விளங்கும் என்றார். கைதட்டலும் கிடைத்தது. அவர் சொன்னது தவறு. சொல்லில் சறுக்கிய தவறு அல்ல, அடித்தளத்திலேயே உள்ள தவறு.

ஏறும் கோடு முன்னேற்றத்தைக் காட்டுகிறதா? நம் மாநிலப் பிளஸ் டூ முடிவுகளையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் மாணவர்களுக்கான மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்திவிட்டது. மாவட்ட வாரியான தேர்ச்சி வரிசை மட்டும் ஆண்டுதோறும் செய்தியாகிறது. அதில் திருப்பூரின் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். 2023-இல் 97.79 சதவீதத்துடன் இரண்டாம் இடம். 2024-இல் முதலிடம், ஆனால் தேர்ச்சி 97.45. 2025-இல் மூன்றாம் இடம், தேர்ச்சி 97.53.

ஆசிரியர் கேட்கும் படத்தில் திருப்பூரின் கோடு 2024-இல் ஏறும், 2025-இல் இறங்கும். தேர்ச்சி நடந்துகொண்டதோ நேர் எதிராக. கோடு ஏறிய ஆண்டில் தேர்ச்சி குறைந்தது. கோடு இறங்கிய ஆண்டில் தேர்ச்சி கூடியது. இரண்டு முறையும் படம் பார்ப்பவர் தலைகீழான செய்தியோடுதான் வீடு திரும்புவார். திருப்பூர் முதலிடம் பிடித்ததற்கு அதன் சொந்த ஏற்றம் காரணமில்லை. முந்திய ஆண்டு 97.85 சதவீதத்துடன் முதலில் நின்ற விருதுநகர் அதைவிட அதிகமாக இறங்கியது, அவ்வளவுதான்.

அடுத்து, இடைவெளி. 2024-இல் திருப்பூருக்குப் பின்னால் சிவகங்கையும் ஈரோடும் 97.42 என்று ஒன்றாக நின்றன. முதலிடத்துக்கும் அவற்றுக்கும் இடையே 0.03 சதவீதப் புள்ளி. இருபதாயிரம் பேர் எழுதும் மாவட்டத்தில் அது ஆறு பிள்ளைகள். ஒரு மையத்தில் காய்ச்சலில் விழுந்தவர்கள், ஒரு பாடத்தில் ஒரு மதிப்பெண்ணில் தவறியவர்கள் என்று ஆறு பேர் சேர்ந்தால் போதும், முதலிடம் கைமாறிவிடும். 2025-இல் முதலிடம் பெற்ற அரியலூர் 98.82, இரண்டாமிடம் பெற்ற ஈரோடு 97.98. இடைவெளி 0.84, முந்தைய ஆண்டைவிட இருபத்தெட்டு மடங்கு. பம்ப் சார்ட்டில் இந்த இரண்டு இடைவெளிக்கும் ஒரே உயரம், ஒரு படி. முந்தைய ஆண்டு 97.25 எடுத்து நான்காவதாக நின்ற அரியலூரின் ஏற்றம் உண்மையான ஏற்றம். திருப்பூரின் ஏற்றம் அப்படியல்ல. அந்த வேறுபாட்டைத்தான் தாய் அறிய வேண்டும். அதைத்தான் படம் அழித்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மாநிலத் தேர்ச்சி 2022-இல் 93.76, 2023-இல் 94.03, 2024-இல் 94.56, 2025-இல் 95.03. ஆண்டுக்கு ஆண்டு ஏற்றம். ரேங்க் படத்தில் இதற்கு இடமே இல்லை. முப்பத்தெட்டு மாவட்டங்களும் சேர்ந்து முன்னேறினாலும் இருப்பவை முப்பத்தெட்டு இடங்கள்தான். ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே வந்தே ஆக வேண்டும். வகுப்பிலும் இதே கணக்கு. நாற்பது பிள்ளைகளின் ரேங்குகளைக் கூட்டினால் 820. எல்லாரும் நன்றாகப் படித்தாலும் 820, எல்லாரும் படிப்பை விட்டாலும் 820. அந்த வகுப்புக்கு ஓர் ஆண்டு பாடம் நடத்தியவரின் உழைப்பு இந்தப் படத்தில் ஒருநாளும் தெரியாது. ஆசிரியராக இருந்த ஒருவரே இதைக் கேட்டு நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் படத்துக்குப் பெயர் வந்த இடத்தைப் பார்த்தாலே இதன் எல்லை விளங்கும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு கல்லூரிகள் ஆற்றில் படகுப் பந்தயம் நடத்துகின்றன. பக்கம் பக்கமாகப் படகு விட ஆற்றின் அகலம் போதாது. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் நிறுத்துவார்கள். பின்னால் வருவது முன்னால் போவதைத் தொட்டுவிட்டால் அது ஒரு ‘பம்ப்’. மறுநாள் இரண்டும் இடம் மாறிப் புறப்படும். நான்கு நாள் இப்படி நடக்கும். அங்கே நேரக் கணக்கு இல்லை, மதிப்பெண் இல்லை. வரிசையில் இருக்கும் இடமே ஆட்டம். அதனால் கோடு ஒரு படி ஏறினால் ஒரு படகைத் தொட்டது என்று பொருள். அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஆற்றில் இந்தப் படம் முழு உண்மையைச் சொல்கிறது. தேர்வில் இடத்துக்கு அடியில் மதிப்பெண் என்று ஒன்று கிடக்கிறது. அதை மறைத்துவிட்டு இடத்தை மட்டும் வரைவது, சங்கு குளித்து வந்தவர்களிடம் சங்கை எண்ணாமல் யார் முதலில் கரையேறினார் என்று மட்டும் கேட்பது போன்றது.

ஆசிரியரின் வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. காலாண்டு வினாத்தாள் எளிது, அரையாண்டு கடினம். ஆகவே மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது, ரேங்கை ஒப்பிடலாம் என்றார். நோயை அவர் சரியாகக் கண்டிருக்கிறார். கொடுத்த மருந்துதான் தவறு. வகுப்புச் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தாலே வினாத்தாளின் கடினம் பெரும்பாலும் கழிந்துவிடும். தூரமும் கையில் இருக்கும்.

என் தங்கை மகளின் கதையைச் சொல்கிறேன். அவள் வேறொரு பள்ளியில் படித்தபோது அங்கே இப்படி ஒரு படம் தொங்கியது. காலாண்டில் ஐந்நூறுக்கு 361, வகுப்புச் சராசரி 340, ரேங்க் 14. அரையாண்டில் 368, சராசரி 345, ரேங்க் 21. மதிப்பெண் கூடியிருக்கிறது, சராசரியைவிட 21 கூடுதலாக இருந்தவள் 23 கூடுதலாக ஆகியிருக்கிறாள். நடுவில் பிள்ளைகள் நெருக்கமாகக் கூடிவிட்டார்கள். பதினான்காம் இடத்துக்கும் இவளுக்கும் இடையே இருந்தது ஒன்பதே மதிப்பெண். அந்த ஒன்பதுக்குள் ஏழு பேர். படத்தில் அது செங்குத்தான சரிவு. கடலுக்குப் போய்விட்டு வந்த கையோடு கூட்டத்துக்கு வந்த அவள் அப்பா அந்தச் சரிவை மட்டும் பார்த்தார். “மச்சான், பிள்ள கீழ போயிட்டாளே” என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. மதிப்பெண் பதிவேட்டை வாங்கி நான் கணக்குக் காட்டும்வரை அவர் நம்பவில்லை. வரிசையின் நடுவில் எப்போதும் இப்படித்தான் நெரிசல் இருக்கும். ஆகவே பெரிய ஏற்ற இறக்கங்களெல்லாம் நடுத்தரப் பிள்ளைகளின் தலையில்தான் விழும். இரண்டாவது பிள்ளையைவிட நாற்பது மதிப்பெண் கூடுதலாக எடுத்து நிற்கும் முதல் பிள்ளையின் கோடு அசையவே அசையாது.

படிக்காத தாய்க்கும் விளங்கும் என்றாரே, அதுதான் இதில் மிகவும் கொடியது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார். படம் மட்டுமே கதி என்று இருப்பவர் அது சொல்வதை அப்படியே நம்புவார். ஏமாற வாய்ப்புள்ளவருக்கென்றே ஏமாற்றும் படத்தைத் தேர்ந்தெடுப்பது உதவி ஆகாது.

ஐயா, படம் வேண்டும் என்றால் வரையுங்கள். செங்குத்து அச்சில் ரேங்கை எடுத்துவிட்டு, வகுப்புச் சராசரியைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு மேலே எத்தனை மதிப்பெண், கீழே எத்தனை மதிப்பெண் என்று குறியுங்கள். சராசரி எவ்வளவு என்பதை ஒவ்வொரு தேர்வின் அடியிலும் எழுதுங்கள். அதைச் சுவரில் மாட்டாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் மட்டும் கொடுங்கள்.