விலாசம் சரியில்லையாம்

"அக்கா, உங்க பார்சல் வந்திருக்கு. விலாசம் முழுசா இல்ல, அதான் நிப்பாட்டி வெச்சிருக்கோம். இருநூத்தம்பது ரூபா கட்டுனா நாளைக்கே கொண்டாந்து தருவோம்."

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில், எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு வந்த கோல் இது. நம்பிவிட்டார். பேராசை என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கு உடுப்பு அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். அதைவிட, விலாசம் முழுசாக இல்லை என்பது உண்மைதானே!

லயத்துக்கு வீதிப் பெயர் ஏது? தோட்டம், டிவிஷன், தபாலகம், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபிஸுக்குப் போய், யார் கையிலோ மாறி, ஒருநாள் வந்து சேரும். நேர்முகத் தேர்வு முடிந்தபிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். 'விலாசம் சரியில்லை' என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் பொய். இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரிலும் இப்படிப் போலிச் செய்திகள் வந்து, 2024இல் திணைக்களமே எச்சரிக்கை விட்டது. கொழும்பில் அது முழுப் பொய். லயத்தில் அது பாதி உண்மை. அங்கேதான் விழுகிறோம்.

இருநூற்றைம்பது ரூபாய் வெறும் தூண்டில். அதை 'எடுப்பதற்கு' என்று அட்டை நம்பர், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினான். அக்கா சொல்லச் சொல்ல, அவன் ஏதோ ஒரு ஒன்லைன் கடையில் அவற்றை அடித்துக்கொண்டிருந்தான். வங்கியிலிருந்து அக்காவுக்கு ஓடிபி வந்தது. "அந்த ஆறு இலக்கத்த சொல்லுங்க, சீக்கிரம், நேரம் முடியப் போகுது."

பிறகு அந்த மெசேஜை நாங்கள் வாங்கிப் பார்த்தோம். இலக்கத்துக்குப் பக்கத்திலேயே `LKR 48,500.00` என்று இருந்தது. ஓடிபி என்பது பார்சலை விடுவிக்கும் சாவி இல்லை, குறிப்பிட்ட ஒரு தொகையை எடுக்க நாம் போடும் கையெழுத்து. எவ்வளவு என்று வங்கி சொல்லித்தான் இருக்கிறது, ஆனால் இங்கிலீஷில். படித்துச் சொல்லக்கூடிய மகள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில்.

வங்கிக்குப் போனால், "நீங்கதானே ஓடிபி குடுத்தீங்க" என்கிறார்கள். சரிதான். ஆனால் வாசிக்க முடியாத தாளில் வாங்கிய கையெழுத்தை என்னவென்று சொல்வது? கணக்குத் திறக்கும்போதே எந்த மொழி வேண்டும் என்று கேட்டு, தொகையை முதல் வரியில் தமிழில் போட முடியாதா?

அதுவரை வீட்டில் நாங்கள் சொல்லிவைத்திருப்பது இதுதான்: பார்சலுக்குக் காசு கட்டுவதென்றால் பொருள் கைக்கு வரும்போது, இல்லாவிட்டால் தபாலகத்துக் கவுண்டரில். போனில் இலக்கம் கேட்டால் கட் பண்ணிவிட்டு, மகனுக்கு கோல் எடுத்து "அனுப்புனியா?" என்று கேட்க வேண்டும். இலக்கத்தைச் சொல்லிவிட்டால், அட்டையின் பின்னால் உள்ள வங்கி நம்பருக்கு உடனே பேசி அட்டையை நிறுத்த வேண்டும். அக்கா பயத்தில் அடுத்த நாள் காலை வரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் காசு போயிருந்தது.

மகன் அனுப்பிய உடுப்பு நாலு நாள் கழித்து வந்தது. தோட்ட ஆபிஸுக்கு.