எழுந்திருக்கும்போதுதான் தெரிகிறது



மானாமதுரைப் பக்கத்திலிருந்து 58 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட். குந்தினால் முழங்கால் பிடிக்கிறது, எழவே முடியவில்லை. அதனால் அங்கே போய்த் தங்குவதையே நிறுத்திவிட்டாராம். படித்ததும் மனசு கனத்தது. நம் வீடுகளில் இப்படி எத்தனை அம்மாக்கள், அப்பாக்கள்!

அம்மா, முதலில் பாயில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலைக் கைகளால் மெல்ல நெஞ்சோடு அணைத்துப் பாருங்கள். உடல் பாரம் இல்லாதபோது கால் நன்றாக மடங்கினால், மூட்டு இடம்கொடுக்கிறது என்று பொருள். அடுத்து, பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, குதிகால்களுக்கு அடியில் இரண்டு அங்குலப் பலகை வைத்துக் குந்துங்கள். இப்போது சுலபமாக இறங்க முடிந்தால், தடை பெரும்பாலும் கணுக்காலில்தான். கெண்டைக்கால் தசை இறுகிவிட்டால் கால் முன்னால் சாயாது. குதிகால் தூக்கிக்கொள்ளும், பாரம் முன்பாதத்துக்குப் போகும். வலிப்பதென்னவோ முழங்கால்தான். மாறாக, தொடை வயிற்றை நெருங்காமல் கவட்டில் வலித்தால் இடுப்பு மூட்டைக் காட்ட வேண்டும்.

கணுக்காலுக்கு, சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி நில்லுங்கள். அந்தக் காலின் முழங்காலைச் சற்று மடக்கியும் ஒருமுறை செய்யுங்கள். குந்தும்போது முழங்கால் மடங்கித்தானே இருக்கிறது, ஆகவே இதை விட்டுவிடக் கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குந்துவதையும் பயிற்சியாகத் தொடர்ந்து, வாரங்கள் போகப்போகப் பலகையின் கனத்தைக் குறையுங்கள்.

உட்காருவதைவிட எழுவதற்குத்தான் தொடையில் வலு அதிகம் வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து, மெதுவாக உட்காருங்கள். அது எளிதானதும் இன்னும் தாழ்ந்த ஸ்டூலுக்கு மாறுங்கள். மறுநாளும் வலி நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குந்தவே வேண்டாம்.

மகளிடம் சொல்லி, குந்தியபடியே எட்டிப் பிடிக்கும் இடத்தில் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிக்கச் சொல்லுங்கள். போல்ட் சுவருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். பலர் குழாயைப் பிடித்து எழுகிறார்கள். அது ஆள் பாரத்தைத் தாங்காது. பலகையை ஈரத் தரையில் வைக்காதீர்கள், வழுக்கிவிடும். கால் மரத்துப்போயிருந்தால், உணர்வு திரும்பும்வரை கம்பியை விடாமல் நின்றுவிட்டு நடங்கள்.

இத்தனை செய்தும் முடியாவிட்டால், டாய்லெட்டின் மேலே வைக்கிற நடுவில் ஓட்டையுள்ள ஸ்டூல் கடைகளில் கிடைக்கிறது. கால்களில் ரப்பர் இருக்கிறதா, நான்கு கால்களும் ஆடாமல் சமதளத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்