நாற்காலி எப்படிக் காலியானது? பட்டம் ஏற்ற நாயகர்களும் ரசிகர் சினமும்

சென்ற வாரம் ஒரு பயிலரங்கின் தேநீர் இடைவேளையில், வெகுமக்கள் பண்பாட்டை ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் போகிற போக்கில் ஒரு கருத்தைச் சொன்னார். காமிக்ஸ் ரசிகர்கள் அடிப்படையில் பழமைவாதிகள். ஒரு நாயகனின் பெயரையும் உடுப்பையும் இன்னொருவர் ஏற்றால் சினம் கொள்வது அவர்களது இயல்பு. அதற்குமேல் ஆராய அதில் ஒன்றுமில்லை என்றார். மறுமொழி சொல்வதற்குள் அடுத்த அமர்வுக்கு அழைத்துவிட்டார்கள். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டு வாசகர் பலருக்கு வழிவழியாக வரும் நாயகன் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஃபேன்டம். 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் வழியாகப் பல இந்திய மொழிகளில் நடமாடியவர். தமிழில் வேதாளன் என்றும் மாயாவி என்றும் அறியப்பட்டவர். கதைப்படி அவர் இருபத்தோராவது ஃபேன்டம். தந்தைக்குப் பின் மகன் என முகமூடி கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆயினும் முந்தைய இருபது பேருக்காக எந்த வாசகரும் போர்க்கொடி தூக்கியதில்லை. காரணம் எளியது. அந்த இருபது பேரோடு நாம் வாழவில்லை. அவர்களது மறைவு கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்த செய்தி. பட்டம் கைமாறுவதை வாசகர் தம் கண்ணெதிரே, தாம் நேசித்த ஒருவரை இழந்து பார்க்க நேரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

அப்படி நேர்ந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் அமெரிக்க டி.சி. காமிக்ஸில் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்றில் வாரிசு ஏற்கப்பட்டார். மற்றொன்றில் நெடுங்காலம் சபிக்கப்பட்டார்.

முதலாவது, ஃப்ளாஷ். 1956இல் அறிமுகமான பேரி ஆலன் என்ற ஃப்ளாஷ் தாமே ஒரு வாரிசுதான். 1940இல் வந்த ஜே காரிக் என்ற பழைய ஃப்ளாஷின் கதையைப் படித்து, அந்தப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர். பேரியின் மனைவி ஐரிஸின் அண்ணன் மகன் வாலி வெஸ்ட், கிட் ஃப்ளாஷ் என்ற பெயரில் அவரிடம் பயின்றவன். (வாலி என்றதும் நம் காதில் கிட்கிந்தை ஒலிக்கிறது, அதற்கு நான் பொறுப்பல்ல.) 1985இல் வெளிவந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரின் எட்டாம் இதழில் உலகைக் காத்து பேரி இறக்கிறார். அத்தொடரின் முடிவில் வாலி அந்தச் சிவப்பு உடுப்பை அணிகிறான்.

அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1987இல் தொடங்கிய புதிய தொடரில் வாலி தன் முன்னவரைவிடக் குறைந்தவனாகவே படைக்கப்பட்டான். பேரி ஒளியின் வேகத்தைத் தொட்டவர். வாலியோ ஒலியின் வேகத்தையே ஒட்டி ஓடினான். சிறிது ஓடினாலும் பசித்தது, களைத்தது. தன்னலமும் சறுக்கல்களும் உடைய இருபது வயது இளைஞன் அவன். அவன் பேரிக்கு ஈடானவன் என்று எவரும் வாசகரை நம்பச் சொல்லவில்லை. அவன் ஈடானவன் அல்ல என்பதைக் கதையே ஒப்புக்கொண்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

1993இல் மார்க் வெய்ட் எழுதிய 'பேரி ஆலனின் மீள்வருகை' 74 முதல் 79 வரையான இதழ்களில் வந்தது. ஐதராபாத் அபிட்ஸ் நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டை கிழிந்த அதன் இதழ் ஒன்று எனக்குக் கிடைத்தது. மற்றவற்றைத் தேடிச் சேர்க்க ஓராண்டு ஆனது. இறந்த பேரி திரும்பி வருகிறார். வாலி மகிழ்கிறான். ஆனால் மீண்டு வந்தவரிடம் மெல்ல மெல்ல ஒரு கசப்பு வெளிப்படுகிறது. ஃப்ளாஷ் என்ற பெயர் தனக்கு மட்டுமே உரியது என்று அவர் வெறிகொள்கிறார். வாலியைச் சாகவிட்டுச் செல்கிறார். தன்னை மறந்த நகரத்தின்மீதே சினம் கொள்கிறார். இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. வந்தவர் பேரி அல்லர். 25ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இயோபார்ட் தான். பேரியின்மீது கொண்ட பெரும் பற்றினால் தன் முகத்தையே அவரைப்போல் மாற்றிக்கொண்டவன். தன் ஆதர்ச நாயகனைக் காணக் காலத்தைக் கடந்து வந்து, தானே அவரது கொடும்பகைவனாகப் போவதை அறிந்ததும் மனம் சிதைந்து, தானே பேரி என்று நம்பத் தொடங்கியவன்.

அதாவது, இக்கதையின் வில்லன் ஒரு ரசிகன். வாரிசை ஏற்க மறுக்கும் ரசிகனைக் கதைக்குள்ளேயே நிறுத்தி, அவனது அன்பையும் அந்த அன்பு திரிந்த விதத்தையும் வெய்ட் காட்டிவிடுகிறார். அவனை எதிர்கொள்ளும்போதுதான் வாலிக்குத் தன் வேகக்குறைவின் காரணம் புலப்படுகிறது. உடலில் குறையில்லை. பேரிக்கு நிகராக ஓடிவிட்டால் பேரியின் இடத்தைத் தான் நிரப்பிவிட்டதாகும். அப்போது பேரி உண்மையாகவே இறந்தவராகிவிடுவார். அந்த அச்சமே அவன் கால்களைப் பிணைத்திருந்தது. வாசகரின் துயரும் வாலியின் துயரும் இங்கே ஒன்றாகின்றன. வாரிசை ஏற்க மறுத்த முதல் ஆள் வாரிசேதான் என்றாகும்போது, வாசகருக்கு அவனோடு சண்டையிட ஏதுமில்லை.

இரண்டாவது, கிரீன் லேண்டர்ன். 1959 முதல் அப்பட்டம் ஹால் ஜோர்டனுடையது. 1993இல் அவரது கோஸ்ட் சிட்டி நகரம் அழிக்கப்படுகிறது. அடுத்து, 1994இன் தொடக்கத்தில் 48, 49, 50 ஆகிய மூன்றே இதழ்களில், துயரால் நிலைகுலைந்த ஹால் தம் தோழர்களையே தாக்கி மோதிரங்களைப் பறிக்கிறார், கிலோவாக்கைக் கொல்கிறார், ஆற்றல் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு பாரலாக்ஸ் என்னும் வில்லனாகிறார். ஐம்பதாம் இதழின் முடிவில், எஞ்சிய ஒரே மோதிரம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சந்து ஒன்றில் கைல் ரெய்னர் என்ற இளம் ஓவியனின் கைக்கு வருகிறது. ஏன் அவனுக்கு? அங்கே அவன் நின்றிருந்தான் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை. அவன் ஹாலைச் சந்தித்ததில்லை. அந்த மோதிரத்தின் பொருளும் அவனுக்குத் தெரியாது. துயர்ப்பட அவனுக்கு எவருமில்லை.

ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். 'ஹால்ஸ் எமரால்ட் அட்டாக் டீம்' என்ற பெயரில் ஓர் அமைப்பே உருவானது. அவர்களது கோரிக்கையைக் கூர்ந்து நோக்கினால் ஹால் திரும்பி வருவது அதில் ஒரு பாதிதான். மறுபாதி, அவர்மீது சுமத்தப்பட்ட பழி நீங்க வேண்டும் என்பது. பேரி இறந்தபோது நாற்காலி தானாகக் காலியானது. ஹாலின் நாற்காலியோ அவரை இழிவுபடுத்திக் காலியாக்கப்பட்டது. கைல் நல்ல பாத்திரம் என்பதே என் கருத்து. தயக்கமும் நகைச்சுவையும் கற்பனை வளமும் கொண்டவன். ஆனால் பதிப்பாசிரியர்கள்மீது எழுந்த சினம் அவன் தலையில் விழுந்தது. 1997இல் தொடங்கிய 'ஜே.எல்.ஏ.' தொடரில் கைலைத் தொடக்கத்தில் ஏளனம் செய்பவன் வாலி வெஸ்ட் என்பது இன்னொரு வேடிக்கை. நேற்றைய வாரிசு இன்று ரசிகர்களின் குரலாகிவிட்டான்.

மொழியியல் படித்தவனின் பழக்கத்தால் ஒன்றைக் கவனிக்கிறேன். இயற்பெயர் ஓர் ஆளைச் சுட்டுகிறது. பட்டம் ஓர் இருக்கையைச் சுட்டுகிறது. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். கல்வெட்டில் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால் அது எந்த அரசன் என்று அறிய எழுத்தமைதியையும் பிற சான்றுகளையும் தேட வேண்டியிருக்கிறது. ஃப்ளாஷ், கிரீன் லேண்டர்ன் ஆகியவை பதிப்பகத்துக்குப் பட்டங்கள். வாசகருக்கோ அவை பெரும்பாலும் இயற்பெயர்கள், எந்த வயதில் எவரை முதலில் கண்டாரோ அவருடைய பெயர்கள். இறப்பும் துயரும் காத்திருப்பும் இயற்பெயரைப் பட்டமாக மாற்றும் வேலையைச் செய்கின்றன. ஃப்ளாஷில் அந்த வேலை நடந்தது. கிரீன் லேண்டர்னில் மூன்று இதழ்களில் அதற்கு இடமே இருக்கவில்லை.

எல்லாச் சினத்தையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. 2011இல் மைல்ஸ் மொராலெஸ் ஸ்பைடர்மேன் ஆனபோது எழுந்த கூச்சலில் பச்சையான நிறவெறி இருந்தது. இரண்டையும் பிரித்தறிய நான் கையாளும் வழி, புகாரின் வாக்கியங்களைப் பார்ப்பது. கதையில் செய்யப்பட்ட ஒரு செயலை வினையாகக் கொண்டு, கொன்றார்கள், கெடுத்தார்கள், அழித்தார்கள் என்று பதிப்பகத்தை எழுவாயாக்கும் புகார் ஒரு வகை. வாரிசின் உடலையும் நிறத்தையும் பாலினத்தையும் எழுவாயாக்கி, அவன் எதுவும் செய்யும் முன்பே தீர்ப்பு எழுதுவது மற்றொரு வகை. சில வேளைகளில் இரண்டும் ஒரே பதிவில் பின்னிக் கிடக்கும் என்பதையும் மறுக்கவில்லை. 2014இல் பழைய வாலி காணாமற்போயிருந்த நிலையில் அதே பெயரில் கறுப்பினக் கலப்புப் பின்னணியுடன் ஒரு புதிய வாலி அறிமுகமானபோது அதுதான் நேர்ந்தது.

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான சான்றும் உண்டு. நியாயமாகப் பட்டம் ஏற்றவனும் காப்பாற்றப்படவில்லை. 2004இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய 'கிரீன் லேண்டர்ன்: ரீபர்த்', பாரலாக்ஸ் என்பது ஹாலைப் பற்றிய ஓர் அச்ச ஒட்டுண்ணி என்று விளக்கி அவரை விடுவித்தது. அங்கே தீர்க்கப்பட வேண்டிய குறை ஒன்று இருந்தது. ஆனால் 2008இல் பேரி ஆலனும் திரும்பினார். அவருக்கு என்ன குறை இருந்தது? பேரியை மறுபடியும் நிலைநிறுத்திய 'ஃப்ளாஷ்: ரீபர்த்' தொடரையும் ஜான்ஸே எழுதினார்; அவரே அதற்குமுன் பல ஆண்டுகள் வாலியின் கதையை எழுதியவர். 2011இல் டி.சி. தன் கதையுலகை மறுதொடக்கம் செய்தபோது, இருபத்தைந்து ஆண்டு ஃப்ளாஷாக இருந்த வாலி இருந்ததாகவே கதையில் தடயமில்லாமல் போனான்.

அப்போது சினந்தெழுந்தவர்கள் யார் என்பதுதான் என் நண்பருக்கான மறுமொழி. வாரிசுக்காகக் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். மூலநாயகன் மீண்டதற்கு எதிராகப் போராடினார்கள். மாற்றத்தை வெறுப்பதே ரசிகர் இயல்பு என்றால் இதை எப்படி விளக்குவது? 2016இல் 'டி.சி. யுனிவர்ஸ்: ரீபர்த்' இதழில், எவர் நினைவிலும் இல்லாத வாலி கரைந்து மறையும் தறுவாயில் பேரியிடம் வந்து நன்றி கூறி விடைபெற முயல்கிறான். கடைசிக் கணத்தில் பேரிக்கு அவன் பெயர் நினைவுக்கு வருகிறது. கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார். அந்தப் பக்கத்தை நான் படித்தது விடுதி அறையில், அலைபேசித் திரையில். பேரி உயிரோடிருப்பதற்காக அன்று எனக்கு வருத்தமில்லை.

கைல் ரெய்னருக்கு இன்றுவரை அப்படியொரு பக்கம் எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. 1994இல் பதின்ம வயதிலிருந்தவர்களுக்கு அவனே முதல் கிரீன் லேண்டர்ன்.