0.015 எங்கிருந்து வந்தது?



உங்களில் பலர் வீட்டில் இப்போது நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்து பற்றிப் பேச நான் டாக்டர் இல்லை. கணக்கு வாத்தியார், கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் அண்ணன் பேத்தி நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மருந்தளவுக் கணக்கு பிடிபடவில்லை என்று நோட்டோடு வந்தாள். டோபமின் என்று தலைப்பிட்டு, கட்டம் கட்டி ஒரே வரி எழுதியிருந்தது: டோஸ் × எடை × 0.015.

"இந்த 0.015 எங்கிருந்து வந்தது கண்ணு?"

"அதுதான் ஃபார்முலா சின்னத் தாத்தா. மிஸ் மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க."

இந்த எண்ணை இப்படிக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

டோபமின் ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு சிரிஞ்ச் பம்பில் ஏற்றும் மருந்து. டாக்டர் எழுதுவது: ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். நோயாளியின் எடை 48 கிலோ. ஒரு ஆம்பூலில் 5 மி.லி., அதற்குள் 200 மி.கி. மருந்து. அதோடு 45 மி.லி. சலைன் சேர்த்து மொத்தம் 50 மி.லி. ஆக்குகிறார்கள். பம்பில் மணிக்கு எத்தனை மி.லி. வைப்பது?

5 × 48 = 240. இது நிமிடத்துக்கான மைக்ரோகிராம். பம்ப் கேட்பது மணிக்கணக்கு, ஆகவே 60-ஆல் பெருக்கினால் 14,400 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம் என்பதால் மணிக்கு 14.4 மி.கி. சிரிஞ்சில் 200 மி.கி. 50 மி.லி.யில் இருக்கிறது, அதாவது ஒரு மி.லி.யில் 4 மி.கி. 14.4-ஐ 4-ஆல் வகுத்தால் 3.6. மணிக்கு 3.6 மி.லி.

நோட்டில் இருந்த வரியும் 5 × 48 × 0.015 = 3.6 என்றுதான் சொல்கிறது. விடை சரி. பரீட்சையில் முழு மார்க்கும் கிடைக்கும். ஆனால் அந்த 0.015 என்பது 60-ஐ 4000-ஆல் வகுத்து வந்த எண். 60 என்பது நிமிடம். 4000 என்பது ஒரு மி.லி.யில் உள்ள மைக்ரோகிராம். அதாவது 50 மி.லி.யில் ஒரே ஆம்பூல் என்ற செய்தி அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. வேறு வார்டில் அதே 50 மி.லி.யில் இரண்டு ஆம்பூல் போட்டு வைத்திருந்தால்? பிள்ளை மனப்பாடப்படி 3.6 வைப்பாள். நோயாளிக்குக் கிலோவுக்கு 5 போகவேண்டிய இடத்தில் 10 போகும். வைக்கவேண்டியது 1.8.

விடையைச் சோதிக்க நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். இந்த வேகத்தில் சிரிஞ்ச் எத்தனை மணி நேரம் வரும் என்று பார். 50-ஐ 3.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 மணி. நம்பும்படி இருக்கிறது. 60-ஆல் பெருக்க மறந்திருந்தால் விடை 0.06 வரும், சிரிஞ்ச் 833 மணி நேரம் ஓடும், ஒரு மாதத்துக்கும் மேல்! எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு ஆம்பூல் தவறு இந்தச் சோதனையில் சிக்காது. 3.6-க்கும் 14 மணி, அது இயல்பாகவே தெரியும். சிரிஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்து, ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று முதல் வரியாக எழுதுகிற பழக்கம்தான் அதைப் பிடிக்கும்.

அதனால் பயிற்சிக் கணக்குகளை மாற்றவேண்டும் என்கிறேன். இப்போது பத்துக் கணக்கு கொடுத்தால் எடை மாறுகிறது, டோஸ் மாறுகிறது, கரைசல் மட்டும் மாறுவதே இல்லை. நான் தலைகீழாகக் கொடுத்தேன். அதே நோயாளி, அதே டோஸ், கரைசல் மட்டும் வேறு. கடைசிக் கணக்கில் 250 மி.லி. பாட்டிலில் 400 மி.கி. அவள் முதல் வரியில் மி.லி.க்கு 1.6 மி.கி. என்று எழுதினாள். 14.4-ஐ 1.6-ஆல் வகுத்து மணிக்கு 9 மி.லி. என்றாள்.

"பம்ப் இல்லை, டிரிப் செட்தான் இருக்கிறது. எத்தனை சொட்டு?" என்றேன்.

சாதாரண செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 9 × 20 = 180 சொட்டு, 60 நிமிடத்துக்கு. நிமிடத்துக்கு 3 சொட்டு, இருபது நொடிக்கு ஒன்று. "இதை எப்படித் தாத்தா சரியா வைக்கிறது?" என்று அவளே கேட்டாள். பிறகு 60 சொட்டு மைக்ரோ செட்டுக்கு மாற்றிப் போட்டு, நிமிடத்துக்கு 9 சொட்டு என்று எழுதினாள். 0.015 இருந்த கட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் "50 மி.லி.யில் 200 மி.கி. இருந்தால் மட்டும்" என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டாள்.