நடுத்திட்டம் என்னும் மூடநம்பிக்கை

"மூன்று திட்டம் வையுங்கள், நடுவில் இருப்பதைத்தான் எல்லாரும் வாங்குவார்கள்." மாதச் சந்தாவுக்குப் பெட்டி அனுப்பும் தொழிலைக் கற்றுத்தரும் மேடைகளில் பல ஆண்டுகளாக ஓதப்படும் மந்திரம் இது. சொல்பவர்களிடம் "அந்த எல்லாரும் யார்?" என்று கேட்டால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுவார்கள்.

மந்திரத்தின் மூலம், சைமன்சன், ட்வெர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு மினோல்டா கேமராக்களைக் காட்டியபோது தேர்வு பாதிக்குப் பாதி பிரிந்தது. விலை கூடிய மூன்றாவதைச் சேர்த்ததும் 57 சதவீதம் பேர் நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் கேமரா ஒருமுறை வாங்குவது. சந்தாப் பெட்டியோ மாதாமாதம் வாசலுக்கு வந்து, "நான் இன்னும் வேண்டுமா?" என்று கேட்கிறது.

காப்பித்தூள் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்றால், தினம் ஒரு கோப்பை குடிப்பவருக்கு மாதம் 450 கிராம் போதும். அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என மூன்று திட்டம் வைத்து, சாமர்த்தியமாக அவரை நடுவுக்குத் தள்ளியாயிற்று. முதல் மாத முடிவில் 550 கிராம் மீதி. இரண்டாம் மாத முடிவில் 1,100 கிராம். மணம் போன தூளைப் பார்த்துக்கொண்டு மூன்றாம் பெட்டிக்கு யார் பணம் கட்டுவார்? முதலில் "இந்த மாதம் வேண்டாம்" என்பார், பிறகு சந்தாவையே நிறுத்துவார். ஒரு திட்டத்தில் மட்டும் இப்படி மாதம் தள்ளிவைப்பவர்கள் குவிந்தால், அளவு தப்பு என்று பொருள். மேடைப் பேச்சாளரோ முதல் மாத விற்பனையைக் காட்டிக் கைதட்டல் வாங்கிப் போயிருப்பார்.

இதே பெட்டியைத் தனியாள், தம்பதி, சிறு அலுவலகம் என்று வாங்குபவரை வைத்துப் பிரித்தால் 30, 60, 120 கோப்பைக்கான திட்டங்களாகும். தூள் ஒன்றே, மாறுவது அளவு மட்டும். கோப்பைக்கு என்ன விலை என்பதையும் சேர்த்தால் விளம்பரப் பதிவில் மூன்று வரி போதும். நடுத்திட்டத்தில் மட்டும் குவளை, இன்னொன்றில் மட்டும் இலவச அஞ்சல் என்று கலந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

சந்தாவுக்கு ரேசர் அனுப்பும் டாலர் ஷேவ் கிளப் 2012-ல் பரபரப்பானபோது அதற்கும் மூன்று திட்டங்கள்தான்: 1, 6, 9 டாலர். ஆனால் அவற்றைப் பிரித்தது ரேசரில் இருந்த பிளேடுகளின் எண்ணிக்கை: இரண்டு, நான்கு, ஆறு. அது பெருமையோடு கூவி விற்றதோ நடுத்திட்டத்தை அல்ல, ஒரு டாலர் திட்டத்தை. நிறுவனத்தின் பெயரே அதுதானே!

திட்டங்களுக்கு வைக்கும் வெள்ளி, தங்கம், வைரம் என்ற பெயர்களோ வாங்குபவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நேற்றுத் திறந்த கடையில் "அதிகம் விற்பது" என்று ஒட்டுவது பொய். அடுத்த முறை அந்த மந்திரம் காதில் விழுந்தால், நான்காம் மாதம் எத்தனை பேர் நடுத்திட்டத்தில் மிஞ்சினார்கள் என்ற கணக்கைக் கேளுங்கள்.